வேலை போனால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 46,000 ரூபாய். பள்ளிக் கட்டணம் (ஜூனில் 24,000, அக்டோபரில் 16,000), மார்ச்சில் கட்டும் எல்.ஐ.சி. பிரீமியம் 18,000 ஆகியவை தனி. அவசரத்துக்கென்று 3,20,000 ரூபாய் இருக்கிறது. அதில் 2,40,000 ஒரே எஃப்.டி.யில், மீதி சேமிப்புக் கணக்கில். மாதம் 8,000 ஆர்.டி. கட்டி இதோடு சேர்த்து வருகிறேன். மனைவிக்கு டியூஷனில் மாதம் 14,000 வருகிறது. வேலை போனாலும் 13 மாதம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டேன். சரிதானா?

பதில்: சரியில்லை. ஏழு மாதம், சிக்கனமாக இருந்தால் எட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்ட கணக்கு இப்படித்தான் இருக்கும்: செலவு 46,000. வரவு 8,000-மும் 14,000-மும் சேர்ந்து 22,000. மாதம் துண்டு விழுவது 24,000. கையிருப்பை அதால் வகுத்தால் 13 மாதம் சொச்சம். கையிருப்பை மாதத் துண்டால் வகுப்பது என்ற முறையில் பிழை இல்லை. வரவுப் பக்கத்தில் எதைச் சேர்த்தீர்கள் என்பதில்தான் பிழை.

ஆர்.டி.யில் போடும் 8,000 உங்கள் சம்பளத்திலிருந்து போவது. சம்பளம் நின்ற மாதமே அதுவும் நின்றுவிடும். வேலை இருக்கும்வரை அந்த 8,000 நிதியை வளர்க்கும். வேலை போன பிறகு அதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. நிதியைக் கரைக்கும் காலத்துக்கான கணக்கில், உங்கள் சம்பளம் இல்லாமலே தொடர்ந்து வரும் பணத்தை மட்டும்தான் வரவாக எழுத வேண்டும்: மனைவியின் வருமானம், வீட்டு வாடகை, பென்ஷன் போன்றவை. அப்படிப் பார்த்தால் வரவு 14,000, துண்டு 32,000, கையிருப்பு சரியாக 10 மாதம்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 46,000 என்ற தொகைக்குள்ளேயே ஆர்.டி. 8,000 அடங்கியிருக்கிறதா? பாஸ்புக்கில் கழிந்ததையெல்லாம் கூட்டிச் செலவு என்று எழுதுபவர்களுக்கு இது நடக்கும். அடங்கியிருந்தால் உங்கள் உண்மையான செலவு 38,000, துண்டு 24,000. அடங்கவில்லை என்று வைத்தே மேலே போகிறேன்.

பத்து மாதம் என்பதும் காகிதத்தில்தான். ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நினைப்பில் வந்த விடை அது. உங்கள் வீட்டில் மூன்று விஷயங்கள் அதைக் கெடுக்கின்றன. முதலாவது, நீங்களே தனி என்று சொன்ன பள்ளிக் கட்டணமும் பிரீமியமும். இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. நிறுவனம் எடுத்துக் கொடுக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையை விட்டு நீங்கும் நாளோடு முடிந்துவிடும். சொந்தமாக ஒரு பாலிசி இல்லையென்றால் முதல் மாதமே எடுத்தாக வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு 24,000 என்று வைக்கிறேன், உங்கள் வயதைப் பொறுத்து மாறும். மூன்றாவது, டியூஷன். அது மாதம் தவறாமல் வரும் வருமானம்போலத் தெரிந்தாலும் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஏப்ரலில் பாதி, மே மாதத்தில் ஒன்றுமில்லை என்பதுதான் பல வீடுகளில் நடப்பு.

ஆகவே வகுத்தல் கணக்கை விட்டுவிட்டு, மாதவாரியாக எழுதிப் பார்க்க வேண்டும். ஜனவரி சம்பளமே கடைசிச் சம்பளம் என்று கொள்வோம்.

| மாதம் | செலவு | தனிச் செலவு | வரவு | மாதக் கடைசி இருப்பு |
|---|---|---|---|---|
| பிப்ரவரி | 46,000 | 24,000 | 14,000 | 2,64,000 |
| மார்ச் | 46,000 | 18,000 | 14,000 | 2,14,000 |
| ஏப்ரல் | 46,000 | – | 7,000 | 1,75,000 |
| மே | 46,000 | – | 0 | 1,29,000 |
| ஜூன் | 46,000 | 24,000 | 14,000 | 73,000 |
| ஜூலை | 46,000 | – | 14,000 | 41,000 |
| ஆகஸ்ட் | 46,000 | – | 14,000 | 9,000 |

செப்டம்பரில் 32,000 வேண்டும், கையில் 9,000தான் இருக்கும். ஆக ஏழு மாதம். இதே பணத்தோடு செப்டம்பரில் சம்பளமில்லாக் காலம் தொடங்கினால், எட்டாவது மாதமான ஏப்ரல் கடைசியில் வெறும் 1,000 ரூபாய்தான் குறையும். கோடை விடுமுறையும் ஜூன் கட்டணமும் தள்ளிப்போவதால் கிடைக்கும் லாபம் அது. எந்த மாதம் வேலை போகும் என்பது நம் கையில் இல்லை. எனவே மோசமான மாதத்தில் தொடங்கும் கணக்கையே நம்ப வேண்டும்.

கணினியிலோ போனிலோ விரிதாளில் போடுவதானால், A-யில் மாதம், B-யில் செலவு, C-யில் தனிச் செலவு, D-யில் வரவு, E-யில் இருப்பு என்று வைத்து, E2-ல் இன்றைய கையிருப்பை எழுதுங்கள். E3-ல் கீழே உள்ளதைப் போட்டுக் கீழ்நோக்கி இழுத்தால் போதும்.

```
=E2-B3-C3+D3
```

E வரிசையில் கழித்தல் குறி தோன்றும் மாதத்துக்கு முந்தைய மாதம்வரை பணம் தாங்கும். வட்டிக்கு வரிசை வேண்டாம். மொத்தத்துக்கும் ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைத்தாலும் இந்த ஏழு மாதத்தில் ஐந்தாறாயிரம்தான் தேறும், ஒரு வாரச் செலவுக்குக்கூடக் காணாது. விலைவாசி அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

செலவைத் துல்லியமாக எழுதுவதில்தான் உழைப்பைப் போட வேண்டும். காரணம், நாம் வகுப்பது செலவால் அல்ல, செலவுக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசத்தால். உங்கள் செலவு உண்மையில் 10 சதவீதம் கூடுதலாக, அதாவது 50,600 என்று இருந்தால், துண்டு 32,000-லிருந்து 36,600 ஆகிறது. அது 14 சதவீதத்துக்கும் மேலான ஏற்றம். மனைவியின் வருமானம் 34,000 என்றிருந்தால் அதே பிழை துண்டை 12,000-லிருந்து 16,600 ஆக்கி, இருபத்தாறு மாதத்துக்கு மேல் தாங்கும் என்ற நிதியைப் பத்தொன்பது மாதத்துக்குக் கொண்டுவந்துவிடும். இன்னொரு வரவு நன்றாக இருக்கும் வீடுகளில்தான் இந்தக் கணக்கு அதிகம் ஏமாற்றும். எனவே மனதில் தோன்றும் தொகையை எழுதாமல், கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துப் பன்னிரண்டையும் கூட்டி வகுத்துப் பாருங்கள். ஆறு மாத விவரம் போதாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் அதில் அடங்கும்; வண்டி இன்சூரன்சும், கல்யாண மொய்யும் நழுவிவிடும்.

சிக்கனம் எவ்வளவு உதவும்? தவணையில் கைவைக்க முடியாது, மருந்திலும் பள்ளியிலும் முடியாது. ஹோட்டல், துணிமணி, பெட்ரோல், கொஞ்சம் மளிகை என்று மாதம் 7,000 குறைக்க முடிந்தது என்று கொள்வோம். முதல் இரண்டு மாதம் யாரும் குறைப்பதில்லை, ‘அடுத்த மாதமே வேலை கிடைத்துவிடும்’ என்ற நம்பிக்கை இருக்கும். ஏப்ரலில் தொடங்கினால் செப்டம்பர் கடைசியில் 19,000 மிஞ்சும், அக்டோபரில் இரண்டாம் பருவக் கட்டணம் வந்ததும் 22,000 குறையும். ஆக எட்டு மாதம். பிப்ரவரியிலேயே குறைத்திருந்தாலும் அக்டோபரைத் தாண்ட 8,000 குறையும். உங்கள் வழியை மறிப்பது அந்த ஒற்றைக் கட்டணம்தான்.

இனி அந்த 8,000 ஆர்.டி.க்கு உரிய இடத்தைப் பார்க்கலாம். அக்டோபர் வரை ஒன்பது மாதம் தாண்ட, சிக்கனம் ஏதும் இல்லாமல் 3,91,000 தேவை. இப்போதைக்கு 71,000 குறைகிறது, அதற்கு ஒன்பது மாத ஆர்.டி. ஆகும். ஏப்ரல் முதல் சிக்கனத்தையும் கணக்கில் எடுத்தால் 22,000தான் குறைகிறது, மூன்று மாத ஆர்.டி.யில் முடிந்துவிடும். வேறு மாதிரிச் சொன்னால், சாதாரண மாதத் துண்டு 32,000 என்பதால், நீங்கள் நான்கு மாதம் சேர்ப்பது ஒரு மாத அவகாசத்தை வாங்கித் தருகிறது. வேலை இருக்கும்போதே சொந்த மருத்துவப் பாலிசி எடுத்துவிட்டால் முதல் மாதத்து 24,000-மும் சம்பளத்திலிருந்தே போய்விடும். என்னைக் கேட்டால் ஆர்.டி.யை மூன்று மாதம் நிறுத்தியாவது இதை முதலில் செய்வேன்.

வீட்டு நகையைக் கையிருப்பில் சேர்க்காதீர்கள். அடகு வைத்து வாங்கும் பணத்துக்கு வட்டி உண்டு. அது வரவில் ஒரு தொகையைக் காட்டிவிட்டுச் செலவில் ஒரு வரியைக் கூட்டும்.

2,40,000-ஐ ஒரே எஃப்.டி.யாக வைத்திருப்பதையும் மாற்றுங்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால் பல வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் பிடிப்பது வழக்கம். மார்ச்சில் 50,000 தேவைப்படுவதற்காக முழுத் தொகையையும் உடைப்பானேன்? 60,000 வீதம் நான்காகப் பிரித்துவிட்டால், தேவைப்பட்டதை மட்டும் உடைக்கலாம்.

அட்டவணையை மாதக் கடைசியில் ஒருமுறை திருத்தி எழுதும்போது, அடுத்த மூன்று மாதத்துக்கு நிகரமாக எவ்வளவு வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். சிக்கனம் தொடங்காத மேலே உள்ள கணக்கில், மே கடைசியில் இருப்பு 1,29,000. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேவை 1,20,000. இருப்பு தேவையைவிடக் கூடுதலாக இருக்கும் கடைசி மாதமுடிவு அது. வங்கிக்குப் போக வேண்டிய நேரமும் அதுதான், ஆகஸ்ட் அல்ல. தவணை ஒன்றும் தவறாத நிலையில் போய், கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தவறிய பிறகு போனால் திரும்பிய தவணைக்கு அபராதமும், கடன் மதிப்பெண்ணில் இறக்கமும் ஏற்கெனவே விழுந்திருக்கும். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்திவிடும், அதன்பின் பேச்சுக்கு இடம் குறைவு.