கொசு குடிக்கும்போதே பின்னாடி சொட்டுற அந்தத் தண்ணி

கேள்வி: கொசு கையில உக்காந்து ரத்தம் குடிக்கும்போதே பின்பக்கம் சின்னதா தண்ணி மாதிரி சொட்டுதே, அது என்ன? குடிச்சதை அப்பவே வெளிய விடுறதுக்கு எதுக்குக் குடிக்கணும்?

அது மூத்திரம்தாங்க. ஆனா அது வெளிய விடுறது ரத்தத்துல இருக்கிற தண்ணியையும் உப்பையும் மட்டும்தான், தேவையானது எல்லாம் உள்ளயே நிக்குது. கொசு வளர்க்கிற லேப்ல கொஞ்ச காலம் வேலை பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன், டெங்கு பரப்புற ஏடிஸ் ஈஜிப்டி கொசுவையே எடுத்துக்கலாம்.

ஒரு பெண் ஏடிஸோட எடை சுமார் 2 மில்லிகிராம். ரெண்டு மூணு நிமிஷத்துல அது தன்னோட எடை அளவுக்கோ அதுக்கு மேலயோ ரத்தம் குடிச்சிடும். ஆனா ரத்தத்துல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், அதுக்கு வேண்டியது புரோட்டீன். பறக்குற எனர்ஜிக்கு பூந்தேன் போதும், ஆண் கொசு முழுக்க அதுலயே பொழைக்குது, ரத்தம் முட்டைக்காகத்தான்.

முதல்ல எச்சில். ஊசி மாதிரி தெரியுற அதுக்குள்ள ஆறு மெல்லிய பாகம் இருக்கு, அதுல ஒண்ணு வழியா எச்சில் இறங்கும், இன்னொண்ணு வழியா ரத்தம் ஏறும். தோல்ல காயம் பட்ட இடத்துல செல்கள்ல இருந்து ஏடிபிங்கிற ஒரு பொருள் கசியும், அதைப் பாத்துதான் தட்டணுக்கள் ஓடி வந்து ஒட்டும். கொசு எச்சில்ல இருக்கிற அபிரேஸ்ங்கிற என்சைம் அந்த ஏடிபியை உடைச்சுடுது, அதனால தட்டணுக்களுக்கு தகவலே போகாது. அது போக ரத்தம் உறையுற வரிசைல வர்ற ஒரு ஃபேக்டரைத் தடுக்கிற புரோட்டீன், ரத்தக் குழாயை விரிக்கிற ஒரு பொருள் எல்லாம் அதுலயே இருக்கு. எச்சில் இல்லன்னா குடிக்கவே முடியாதுன்னு நிறைய பேர் எழுதுறாங்க, அது அவ்வளவு சரியில்ல. எச்சில் குழாயை வெட்டிவிட்ட கொசுவும் குடிச்சிருக்கு, ஆனா ரத்தம் கிடைக்கிற இடத்தைத் தேடிக் குத்திக்கிட்டே இருக்கிற நேரம் கூடிப் போச்சு, அவ்வளவு நேரம் தேடினா அடி விழுந்துடும் இல்லயா, எச்சிலோட பெரிய லாபமே அந்த வேகம்தான்.

இப்ப உங்க சொட்டுக்கு வருவோம். வயிறு பலூன் மாதிரி உப்பினதும் கொசுவால சரியா பறக்க முடியாது. அதனால குடிக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஹார்மோன் சிக்னல் போய், மால்பிஜியன் குழல்கள்னு சொல்ற அதோட கிட்னி (மொத்தம் அஞ்சு குழல்) வேலையை ஆரம்பிச்சுடும். குழல் சோடியத்தை உள்ள இழுத்துத் தள்ளுது, அது பின்னாடியே தண்ணியும் வந்துடுது. கூர்ந்து பாத்தா வயித்து நுனில தெளிவான சொட்டு ஒண்ணு திரண்டு விழும், உடனே அடுத்தது திரளும். குடிச்ச பிளாஸ்மால இருக்கிற தண்ணில 40 சதவீதத்துக்கு மேல 2 மணி நேரத்துக்குள்ள போயிடுது. சிவப்பணுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் செரிச்ச பிறகுதான் வரும், அதனால முதல்ல சோடியம் நிறைஞ்ச மூத்திரம், அப்புறம்தான் பொட்டாசியம். மலேரியா பரப்புற அனாபிலிஸ் கொசுல சில சமயம் சொட்டு சிவப்பா இருக்கும், அது முழு ரத்த அணுக்களே வெளிய வர்றது. அந்தச் சொட்டை விழ விடாம நுனிலயே வெச்சுக்கிட்டு ஆவியாக விட்டு, சூடான ரத்தத்தால ஏறுற உடம்புச் சூட்டைக் கொசு குறைச்சுக்குதுன்னும் 2012ல கண்டுபிடிச்சாங்க.

எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியுதுன்னு கேட்டா, வயித்துச் சுவர் இழுபடுறதை நரம்பு சொல்லுது. 1969ல ஒரு சோதனைல வயித்துப்பக்க நரம்பை வெட்டினப்போ கொசு நிறுத்தாம குடிச்சு குடிச்சு கடைசில வெடிச்சே போச்சு.

மிச்சம் இருக்கிற கெட்டியான ரத்தத்தைச் சுத்தி குடலுக்குள்ள மெல்லிய உறை ஒண்ணு உருவாகும், டிரிப்சின் மாதிரி என்சைம்கள் புரோட்டீனை அமினோ அமிலமா உடைக்கும். மூளைல இருந்து ஒரு ஹார்மோன் போய் சூலகத்தைத் தட்டி எழுப்ப, அது எக்டைசோன்ங்கிற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும், அதைக் கேட்டு கொழுப்புத் திசு மஞ்சள் கருவுக்கான புரோட்டீனை செஞ்சு அனுப்பும். இது உச்சத்துக்குப் போறது குடிச்சு ஒரு நாள் கிட்ட. குடிச்ச உடனே தலையை எடுத்துட்டா முட்டை வளராது, சில மணி நேரம் கழிச்சு எடுத்தா தலை இல்லாமயே வளரும், ஏன்னா மூளை அதுக்குள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுது (லேப்ல இதைப் பாக்க கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருக்கும்). நல்ல சூட்டுல 3 நாள்ல கிட்டத்தட்ட 100 முட்டை தயார்.

இதுல ஒரு சிக்கல், பாதி குடிக்கும்போதே நீங்க கையை ஆட்டி விரட்டிட்டா வயிறு நிறையாது, நிறையலன்னா கொசு ஆள் தேடுறது நிக்காது, அதே கொசு உங்ககிட்டயோ பக்கத்துல இருக்கிறவர்கிட்டயோ மறுபடி வரும். ஒரே முட்டைச் சுற்றுக்கு ஏடிஸ் பல பேரைக் கடிக்கிறதுக்கு இது ஒரு காரணம். வைரஸை உடம்புல வெச்சிருக்கிற கொசுன்னா, ஒவ்வொரு குத்துக்கும் எச்சில் இறங்குறப்போ அதுவும் சேர்ந்து இறங்குது.