கல்யாணப் பத்திரிகைப் படத்தில் ஜோடி ஒட்டாமல் நிற்பது

"மாப்பிள்ளை துபாயிலிருந்து செல்ஃபிதான் அனுப்பினார், பொண்ணு போட்டோ பாளையங்கோட்டை ஸ்டூடியோவில் எடுத்தது. பழைய காலண்டர் ஓவியம் மாதிரி வரைந்தால் வெட்டி ஒட்டினது போலவே இருக்கு."

மாப்பிள்ளையிடம் வேறு போட்டோ கேளுங்கள், வண்ணத்தை எவ்வளவு சரிசெய்தாலும் இது தீராது. செல்ஃபி முகத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் எடுப்பது, அதனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒடுங்கிவிடும். ஸ்டூடியோ படம் தள்ளி நின்று எடுத்தது. ஏழெட்டு அடி தள்ளி, கேமராவைக் கண் மட்டத்தில் வைத்து யாராவது எடுத்துத் தரட்டும், பொண்ணு படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ அதே பக்கம் ஜன்னல் இருக்கிற மாதிரி.

அப்புறம் போட்டோ மேலேயே வண்ணம் பூசாதீர்கள். இரண்டு பேரையும் முதலில் வெறும் கோட்டுப்படமாக வரைந்து, கண் மட்டத்தையும் தலை அளவையும் அதிலேயே பொருத்திவிட்டு, நிழலை நீங்களே புதிதாகப் போடுங்கள். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் காலண்டர் படங்களைப் பாருங்கள், கன்னத்தில் நிழல் எவ்வளவு மெல்லமாகக் கரைகிறது என்று தெரியும். ஃபிளாஷ் போட்ட கறுப்பு நிழல் அந்தப் பாணியில் உட்காரவே உட்காராது.

சரியா வந்திருக்கா என்று பார்க்க, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ஸ்டாம்பு அளவுக்குச் சுருக்குங்கள். ஒரு முகம் மட்டும் முந்தித் தெரிந்தால் நிழல் இன்னும் சேரவில்லை.

ஒன்று மட்டும் கவனம்: வெளிச்சம் பொருந்தட்டும் என்று பொண்ணு படத்தை இடவலம் திருப்பிவிடாதீர்கள். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தியும் பக்கம் மாறிவிடும், அச்சடித்த பிறகு வீட்டுப் பெண்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.