வைவாவும் பதில் தராத 118 பேரும்

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் எனக்கு வைவா. ஒரு மருத்துவமனையின் செவிலியர் 180 பேருக்கும் வினாப்பட்டியல் கொடுத்தேன். 62 பேர்தான் நிரப்பித் தந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வேலையை விட நினைக்கிறார்கள். இரவுப் பணியில் இருப்பவர்களிடம் இது அதிகம்: இரவில் 24 பேரில் 16, பகலில் 38 பேரில் 15. "மாதிரி ஏன் இவ்வளவு சிறியது?" என்று கேட்டால், நேரம் போதவில்லை என்று சொல்லலாமா?

மாலதி

அன்புள்ள மாலதி,

சொல்ல வேண்டாம். அது உங்கள் சிரமத்தைத்தான் சொல்லும். பதில் தராதவர்கள் எப்படிப்பட்டவர்கள், அவர்கள் விடுபட்டதால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதைத்தான் தேர்வாளர் தெரிந்துகொள்ள விரும்புவார்.

உங்களிடம் இருப்பவை இரண்டு முடிவுகள். இரண்டுக்கும் ஒரே பலம் கிடையாது. 'பாதிப்பேர்' என்பது பலவீனமானது. மீதி 118 பேரில் ஒருவருக்குக்கூட விலகும் எண்ணம் இல்லையென்றால் 180இல் 31, அதாவது 17 சதவீதம்தான். எல்லோருக்கும் இருந்தால் 83 சதவீதம். இந்தக் கணக்கை அவர் போடுவதற்குள் நீங்களே போட்டுக்காட்டி, 'பதில் தந்தவர்களில் பாதி' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரவு, பகல் வேறுபாடு அவ்வளவு எளிதில் கலையாது. விலக நினைப்பவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஆர்வமாகப் பதில் தந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சரிக்கட்டினால் இரவில் பாதி, பகலில் கால்வாசி என்று இரண்டுமே இறங்கும், இடைவெளி ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆனால் அந்தக் கூடுதல் ஆர்வம் இரவுப் பணிக்காரர்களிடம் மட்டும் இருந்திருந்தால்? இரவு 50 சதவீதம், பகல் 39. இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். கூர்மையான தேர்வாளர் கை வைக்கும் இடம் இதுதான்.

அதற்கு மருத்துவமனையின் பணிப்பட்டியலை இப்போதே கேட்டு வாங்குங்கள். 180இல் 70 பேர் இரவுப் பணி என்று இருந்தால், 70இல் 24, 110இல் 38: இரு பக்கமும் மூன்றில் ஒருவர் பதில் தந்திருக்கிறார்கள். இரவுக்காரர்கள் மட்டும் முண்டியடித்து எழுதினார்கள் என்ற சந்தேகம் வலுவிழக்கும், முழுக்கப் போகாவிட்டாலும். மாறாக, இரவில் இருப்பவர்களே 40 பேர்தான் என்றால் அவர்களில் 60 சதவீதம் எழுதியிருக்கிறார்கள், பகலில் 27தான். அப்போது உங்கள் இடைவெளி ஊதிப்போயிருக்கக்கூடும். 'வரம்புகள்' பகுதியில் 'மாதிரி சிறியது' என்ற வரியை எடுத்துவிட்டு இதை எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. வெறுத்துப்போய் ஏற்கெனவே விலகியவர்கள் உங்கள் 180இலேயே இல்லை. இரவுப் பணியால்தான் விலக நினைக்கிறார்கள் என்பதையும் ஒரே முறை எடுத்த கணக்கெடுப்பு நிரூபிக்காது. முடிவுரையில் 'காரணம்' என்றோ, பொதுவாகச் 'செவிலியர்கள்' என்றோ எழுதியிருந்தால், வைவாவுக்கு முன்பே திருத்தப் பட்டியல் ஒன்று தயாரித்துக் கையோடு கொண்டுபோங்கள்.