கார்டு இலவசம், கமிஷன் கடைக்காரர் தலையில்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): என் கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. வாங்கும் பொருளுக்கெல்லாம் பாயின்ட் வேறு தருகிறார்கள். கார்டு அச்சடிக்க, அனுப்ப, பில் போட என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டே. இந்த வங்கிக்கு என்ன லாபம் சார்?

பதில்: உங்களிடம் நஷ்டம், கடைக்காரரிடம் லாபம். இரண்டையும் கூட்டித்தான் வங்கி கணக்குப் பார்க்கிறது. கார்டு வைத்திருப்பவர்கள் நிறைய இருந்தால்தான் கடைக்காரர் மெஷின் வைப்பார். மெஷின் வைத்த கடைகள் நிறைய இருந்தால்தான் நீங்கள் கார்டு வாங்குவீர்கள். இப்படி ஒரு பக்கத்தின் கூட்டம் மறுபக்கத்துக்கு மதிப்பைக் கூட்டுவதைத்தான் நெட்வொர்க் எஃபெக்ட் என்கிறோம்.

ஒரு சின்ன ஊரை வைத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் நானாக வைத்தவை. ஒரு கார்டுக்கு வருடச் செலவு ₹100. கார்டுக்காரர் வருடத்துக்கு ₹10,000-க்குப் பொருள் வாங்குகிறார், கடைக்காரர் 2% தருகிறார். அதாவது ஒரு கார்டு கடைப் பக்கத்திலிருந்து ₹200 கொண்டுவருகிறது.

ஆண்டுக் கட்டணம் ₹150 வைத்தால் 1,000 பேர் வாங்குகிறார்கள் என்று கொள்ளுங்கள். கட்டணத்தில் மிச்சம் ₹50,000, கடைக் கமிஷன் ₹2 லட்சம். ஆக ₹2.5 லட்சம்.

இலவசமாகக் கொடுத்தால் 3,000 பேர் வருகிறார்கள். கார்டில் ₹3 லட்சம் கைவிட்டுப் போகிறது, கமிஷனில் ₹6 லட்சம் வருகிறது. மிச்சம் ₹3 லட்சம். கதை அதோடு முடியவில்லை. 3,000 கார்டு புழங்கும் ஊரில் மருந்துக் கடையும் பெட்ரோல் பங்க்கும் மெஷின் வைக்கும். அப்போது ஒருவர் கார்டில் செலவு செய்வது ₹15,000 ஆகலாம். கமிஷன் ₹9 லட்சம், மிச்சம் ₹6 லட்சம்.

அப்படியானால் கையில் காசும் கொடுக்கலாமே என்றால், தலைக்கு ₹50 கொடுத்துப் பாருங்கள். 3,500 பேர் வருகிறார்கள். ஒவ்வொரு கார்டிலும் ₹300 வரவு, ₹150 செலவு. மிச்சம் ₹5.25 லட்சம்தான். இந்த ஊருக்கு இலவசம் சரி, அதற்குக் கீழே போவது வீண்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். இலவசம் என்றும் 1,400 பேர்தான் வந்தார்கள், செலவும் ₹10,000-லேயே நின்றது என்றால் மிச்சம் ₹1.4 லட்சம். பேசாமல் ₹150 வாங்கியிருக்கலாம். ஒரு ஆளுக்கு ஆகும் செலவிலிருந்து அவர் மறுபக்கத்தில் கொண்டுவரும் வரவைக் கழித்துப் பாருங்கள். அதுதான் அவருக்கான உண்மையான செலவு. அது பூஜ்யத்துக்குக் கீழே போய், இலவசத்தால் ஆளும் போதிய அளவு கூடினால், இலவசமாகக் கொடுப்பதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை.

கேள்வி (ஐடி ஊழியர்): இவ்வளவு சுற்ற வேண்டாம். முதலில் விலையைக் குறைத்துப் போட்டியாளரை ஒழிப்பார்கள், பிறகு ஏற்றுவார்கள். எல்லா ஆப்பும் இதைத்தான் செய்கிறது.

பதில்: பாதி சரி. அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கதைப்படி இன்றைய நஷ்டம் நாளைய விலையேற்றத்தில் வசூலாக வேண்டும். கார்டில் வசூல் அதே நாளில், அதே பில்லில் நடக்கிறது. போட்டியே இல்லாத ஊரிலும் வங்கி கார்டை இலவசமாகத்தான் தரும். உங்களுக்கு ஆண்டுக் கட்டணம் எத்தனையோ வருடமாக ஏறாமலே இருக்கலாம், வங்கிக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. ஒழிப்பதற்கான விலைக் குறைப்பா, இருபக்கக் கணக்கா என்று பிரித்தறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த இலவசத்துக்கு இன்றைக்கே மறுபக்கத்தில் யாராவது பணம் கட்டுகிறார்களா?

கேள்வி (ஈரோடு, ஜவுளிக் கடை): ஐயா, அந்த மறுபக்கம் நான்தான். ₹5,000-க்குச் சேலை விற்றால் ₹100 பிடிக்கிறார்கள், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அந்தப் பணத்தில் வாடிக்கையாளருக்குப் பாயின்ட். மெஷினை எடுத்துவிடலாமா?

பதில்: எடுத்துவிட்டு எதிர்க்கடையில் மெஷின் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பயம்தான் உங்கள் பக்கம் கமிஷன் விழக் காரணம். வாடிக்கையாளர் ₹150 கட்டணம் என்றாலே கார்டை வேண்டாம் என்பார். நீங்கள் ₹100 போனாலும் ₹5,000 விற்பனையை விடமாட்டீர்கள். விலை ஏறினால் ஓடிவிடுகிற பக்கத்துக்குச் சலுகை, ஓட முடியாத பக்கத்துக்குச் சுமை. இதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மெஷினை எடுக்கும் முன், ஒரு மாத பில்லில் கார்டுக்காரர்கள் சராசரியாக எவ்வளவுக்கு வாங்குகிறார்கள், மற்றவர்கள் எவ்வளவுக்கு வாங்குகிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால், யுபிஐ க்யூஆரை முன்னால் வைத்து மெஷினை மேஜைக்குக் கீழே வையுங்கள்.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர்): நெட்வொர்க் என்றதும் ஜியோதான் ஞாபகம் வருகிறது. 2016-இல் எல்லாம் இலவசமாகக் கொடுத்தார்களே, அதுவும் இதே கணக்கா அண்ணே?

பதில்: இல்லை தம்பி. செப்டம்பர் 2016-இல் தொடங்கி மார்ச் 2017 வரை இலவசம் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் ஜியோ எண்ணிலிருந்து ஏர்டெல் எண்ணுக்கும் கூப்பிடலாம். உங்கள் நண்பர் எந்த கம்பெனி சிம் வைத்திருந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான். உங்களுக்காக மறுபக்கத்தில் பணம் கட்ட ஆளும் இல்லை. அது புதுக் கடை திறப்புவிழாத் தள்ளுபடி மாதிரி, பிறகு அதே வாடிக்கையாளரிடமே வசூல். ஒழிப்புக் கதை சொன்ன நண்பர் இதைப் பிடித்திருந்தால் இன்னும் வலுவாகப் பேசியிருக்கலாம்.

கேள்வி (வரலாற்று ஆர்வலர்): முதன்முதலில் இதை யார் ஆரம்பித்தது? கோழியா முட்டையா என்று இருக்கிறதே. கார்டு இல்லாமல் கடை வராது, கடை இல்லாமல் கார்டு வராது.

பதில்: இதற்குச் சரியான உதாரணம் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஊர். 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த ஊரில் சுமார் 60,000 பேருக்கு, யாரும் விண்ணப்பிக்காமலேயே, உடனே பயன்படுத்தக்கூடிய கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. திட்டத்தை நடத்தியவர் ஜோசப் வில்லியம்ஸ். கார்டு போய்ச் சேரும் முன்பே முந்நூறுக்கு மேற்பட்ட கடைகளைப் பேசி வைத்திருந்தார்கள். பெரிய கடைகளுக்குச் சொந்தக் கடன் கார்டு இருந்ததால் அவை ஒதுங்கின. சிறு கடைகள்தான் வந்தன. "நாளைக்கே ஊரில் அறுபதாயிரம் பேர் கையில் கார்டு இருக்கும்" என்று சொல்ல முடிந்ததால் 6% கமிஷனுக்கும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரே ஊரில் மொத்தமாகக் கொட்டியதுதான் இதில் சூட்சுமம். அதே 60,000 கார்டை மாநிலம் முழுக்கத் தூவியிருந்தால் எந்தத் தெருவிலும் எந்தக் கடைக்காரரும் ஒரு கார்டைக்கூடப் பார்த்திருக்கமாட்டார். கூட்டம் என்பது மாநில எண்ணிக்கை அல்ல, கடை வாசலில் நிற்பவர்களின் எண்ணிக்கை.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்): ஃப்ரெஸ்னோவை அழகாகச் சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அவர்கள் எதிர்பார்த்தது கமிஷனை மட்டும் அல்ல, நிலுவைக்கு வட்டியையும். அப்புறம் வாராக் கடன் கழுத்தை நெரித்தது.

பதில்: வட்டி உண்டு சார், என் கணக்கில் அதைக் காட்டவில்லை. காட்டினால் கார்டுக்காரரும் ஒரு பக்கம் பணம் கட்டுகிறவர் ஆகிவிடுகிறார், படம் கொஞ்சம் கலங்கும். வாராக் கடன் இன்னும் முக்கியம். 4% தவணை தவறும் என்று போட்ட கணக்கு 22% ஆனது. மோசடியும் சேர்ந்துகொண்டது. வங்கி ஒப்புக்கொண்ட நஷ்டமே 88 லட்சம் டாலருக்கு மேல், வில்லியம்ஸ் வெளியேறினார். இருந்தும் திட்டத்தைக் கைவிடவில்லை, 1961 வாக்கில் லாபம் வர ஆரம்பித்தது. அதுதான் பின்னால் விசா ஆனது. கேட்காமல் கார்டு அனுப்புவதை அமெரிக்கா 1970-இல் தடை செய்தது.

இதில் நான் பார்ப்பது இது: இலவசம் என்பது யார் வந்தாலும் சரி என்று பொருளல்ல. மறுபக்கத்துக்கு மதிப்பு தருகிற ஆளுக்குத்தான் மானியம் கொடுக்க வேண்டும். பணம் கட்டாத கார்டுக்காரர் 60,000-த்தில் ஒரு எண், ஆனால் வரவில் எதிர்மறை.

கேள்வி (சிறுநகர உணவு டெலிவரி நடத்துபவர்): எங்கள் ஊரில் 40 உணவகங்களைச் சேர்த்தோம். டெலிவரி இலவசம். ஒரு ஆர்டர் சராசரி ₹200, கமிஷன் 15%, டெலிவரி ஆளுக்கு ₹45. ஆர்டர் கூடுகிறது, பணம் குறைகிறது. இன்னும் கொஞ்ச காலம் தாங்கினால் திரும்பிவிடுமா?

பதில்: வரவு ₹30, செலவு ₹45. ஒவ்வொரு ஆர்டரிலும் ₹15 போகிறது. ஆர்டர் பெருகினால் நஷ்டமும் பெருகும். கார்டில் ஆள் கூடும்போது ஒவ்வொரு கார்டின் செலவும் கூடியது, அதனால் திரும்பியது. உங்களிடம் ஆள் கூடினால் எந்த எண் மாறுகிறது? ஆர்டர்கள் நெருக்கமாக வந்தால் ஒரே பயணத்தில் இரண்டு பொட்டலம் போகலாம். டெலிவரி ஆளுக்குப் பயணத்துக்கு ₹60 கொடுத்தாலும் தலைக்கு ₹30, அப்போது கைக்கும் வாய்க்கும் சரி. அதற்கு மேல் உணவகங்கள் விளம்பரத்துக்குப் பணம் தந்தால்தான் மிச்சம். ஆகவே மாத ஆர்டர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். இரண்டு பொட்டலமாகப் போன பயணம் எத்தனை சதவீதம் என்று வாராவாரம் குறியுங்கள். அது நகரவில்லை என்றால் தாங்குவதில் அர்த்தம் இல்லை.

இன்னொன்று: உங்கள் உணவகங்கள் வேறு ஆப்பிலும் இருக்கிறதா, வாடிக்கையாளர் போனிலும் இரண்டு ஆப் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், நீங்கள் கொடுக்கும் இலவசத்தில் சேர்ந்த கூட்டம் அடுத்தவனின் கூப்பனுக்குப் போய்விடும். ஊர் முழுக்க விரிக்காமல் ஒரு கல்லூரி, அதைச் சுற்றிய இரண்டு தெரு என்று சுருக்கிப் பாருங்கள்.

கேள்வி (அதே மாணவி): யுபிஐயில் நானும் கட்டவில்லை, கடைக்காரரும் கட்டவில்லை. அப்போது யார்?

பதில்: நல்ல கேள்வி. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. செலவை வங்கிகளும் ஆப்களும் சுமக்கின்றன. அரசு கொஞ்சம் ஈடுகட்டுகிறது: 2024-25-க்கு ஒதுக்கியது ₹1,500 கோடி, சிறு கடையில் ₹2,000 வரையிலான பரிவர்த்தனைக்கு 0.15%. ஆப்கள் கடன், காப்பீடு, ரீசார்ஜ் என்று வேறு பக்கத்தில் தேடுகின்றன. இது எத்தனை காலம் ஓடும் என்பதில் எங்கள் துறையிலேயே சண்டை. பெரிய கடைகளிடம் மட்டும் கொஞ்சம் வாங்கலாம் என்பது என் கட்சி. வாங்கினால் க்யூஆரை எடுத்துவிடுவார்கள் என்று என் சகாக்கள் பாதிப் பேர் சொல்கிறார்கள்.

கேள்வி (சட்ட மாணவர்): அப்படியானால் ஒரு பக்கத்து விலையை மட்டும் பார்த்து நிறுவனத்தைக் குற்றம் சொல்லவே முடியாதா?

பதில்: 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இதுதான் வழக்கு. குறைந்த கமிஷன் கார்டைக் கொடுங்கள் என்று கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்பது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போட்ட நிபந்தனை. ஓஹையோ மாநிலம் அதை எதிர்த்தது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாதிப்பு தெரியும் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் நிறுவனம் வென்றது. பொருளாதாரமாக அந்த வாதம் சரி என்று நினைக்கிறேன். ஆனால் கடைக்காரர் வாயைக் கட்டும் நிபந்தனைக்கும் அதே வாதம் காவலாக நின்றது எனக்கு உறுத்துகிறது. ஈரோட்டு ஐயாவிடம் கேட்டால் நாலு நீதிபதிகள் பக்கம்தான் நிற்பார்.