அந்தச் 'சரி' எதற்குச் சொன்னது? பங்காளி குரூப்பைச் சுருக்கி எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 20 வருஷத்துக்கு மேல் கூட்டக் குறிப்பு எழுதியவள் நான். இப்போது எங்கள் பொது வீட்டுப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"ஆச்சி, எங்க பெரியப்பா மூணு வாரம் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்திருக்காங்க. குரூப்ல 1,400 மெசேஜ். எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிருக்கேன். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

கடைசி இரண்டு நாளை முதலில் படி, ஆத்தா. மூன்றாம் நாள் பேசி முடித்ததைப் பதினேழாம் நாள் யாராவது கலைத்திருப்பார்கள். முடிவு எங்கே வந்து நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, அப்புறம் முதலிலிருந்து வா. காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, சாமி படம் எல்லாவற்றையும் தள்ளினால் உருப்படியாக 200 தேறினாலே பெரிது.

இன்னொன்று. ஃபைலில் வரும் பெயர்கள் உன் போனில் நீ சேமித்து வைத்தவை. உனக்குச் 'சித்தப்பா' என்றிருப்பவர் பெரியப்பாவுக்குத் தம்பி. அப்படியே எழுதிக் கொடுத்தால் எந்தச் சித்தப்பா என்று அவர் முழிப்பார். எந்த வீட்டார் என்று போடு.

"இதுல என்ன கஷ்டம்? ஒருத்தர் சொல்றார், மத்தவங்க சரின்னு போடுறாங்க. அது முடிவு. அவ்வளவுதானே?"

பாதி சரி, தம்பி. எங்கள் வளவு வீட்டுக்கு ஓடு மாற்றும் பேச்சிலிருந்து நாலு வரி பாருங்கள்.

```
14/09/24, 8:12 pm - பெரிய வீட்டு அண்ணன்: ஓடு மாத்த 1,80,000 கேக்குறாங்க. ஐப்பசி மழைக்குள்ள முடிச்சிரலாம்
14/09/24, 8:13 pm - மேல வீட்டார்: ஞாயித்துக்கிழமை படைப்புக்கு காலைல 7 மணிக்கே வந்துருங்க
14/09/24, 8:15 pm - சின்னவர்: சரி
14/09/24, 8:16 pm - மதுரை ஆச்சி: சரி
```

இந்த இரண்டு 'சரி'யும் ஓடு மாற்றுவதற்கா, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கா? ஃபைலைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்தச் செய்தியை இழுத்துப் பதில் போட்டார்கள் என்பது எக்ஸ்போர்ட்டில் வருவதில்லை. கட்டைவிரல் தூக்கியதும் வராது. நான் போனைத் திறந்து அதே நாளைத் தேடிப் பார்த்தேன். சின்னவர் படைப்புக்குத்தான் சரி சொல்லியிருந்தார். மதுரை ஆச்சி எதையும் இழுக்காமல் வெறுமனே போட்டிருந்தார். போன் பண்ணிக் கேட்டதில் அதுவும் படைப்புக்குத்தான். ஆனால் ஓட்டுச் செய்தியின் அடியில் நாலு கட்டைவிரல் இருந்தது. ஃபைலை மட்டும் நம்பியிருந்தால் சொல்லாத இருவரைச் சேர்த்து, சொன்ன நால்வரை விட்டிருப்பேன்.

ஒரு செய்தி திருத்தப்பட்டிருந்தால் `<This message was edited>` என்று வரும். பழைய வாசகம் கிடைக்காது. ஆனால் அனுப்பி 15 நிமிஷத்துக்குள்தான் திருத்த முடியும். அதனால் அதற்குப் பிறகு வந்த 'சரி' திருத்திய தொகைக்குத்தான். அதற்குள் வந்திருந்தால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அதே தம்பிதான். நாலு விரல் வந்தாச்சே, அப்ப முடிவுதானே ஆச்சி?"

வீட்டில் ஆறு பங்கு. நாலு பங்கு ஒப்புக்கொண்டது, இரண்டு பங்கு பேசவில்லை. பேசாததை நான் சம்மதமாக எழுதுவதில்லை. இதற்குள் 17ஆம் தேதி பெரிய வீட்டு அண்ணன் ஓட்டு வேலைக்காரரிடம் ₹20,000 முன்பணம் கொடுத்துவிட்டார்! முடிவாகும் முன்னே காரியம் நடந்துவிட்டது. அதை 'முடிவுகள்' பகுதியில் போட எனக்கு மனசு வரவில்லை. 'பாக்கி வேலை'யில் இப்படி எழுதினேன்: "முன்பணம் ₹20,000 கொடுத்தாகிவிட்டது (17/09). சின்னவர், மதுரை வீடு ஒப்புதல் இன்னும் கேட்கவில்லை."

"பணம் கைமாறினா அது முடிவுதான். நீங்க எழுதினது அண்ணனைக் குத்திக் காட்டுற மாதிரி இருக்கு."

இருக்கலாம். எங்கள் வீட்டிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. நடந்ததைத் தேதியோடு எழுதினேன், 'கேட்காமல் கொடுத்தார்' என்று எழுதவில்லை. அதற்கு மேல் எனக்கும் வழி தெரியவில்லை.

"எங்க ஆயா டைப்பே பண்ண மாட்டாக, எல்லாம் வாய்ஸ்தான். ஃபைல்ல வெறும் `<Media omitted>`னு வருது."

மீடியா இல்லாமல் எடுத்தால் அப்படித்தான் வரும். மீடியாவோடும் எடுக்கலாம், செய்தி எண்ணிக்கை குறையும்: மீடியா இல்லாமல் 40,000 வரை, மீடியாவோடு 10,000 வரை. உங்கள் குரூப்புக்கு அதுவே தாராளம். ஆனால் 1,400 செய்தியில் பாதி சாமி படமாக இருக்கும். பணம், தேதி பேசிய இடங்களை ஒட்டி வரும் வாய்ஸை மட்டும் போனிலேயே கேட்டு, ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மறுப்பை எழுத்தில் போடமாட்டார்கள், வாய்ஸில்தான் சொல்வார்கள். அதை விட்டால் கருத்து வேறுபாடே இல்லாத குரூப் மாதிரித் தெரியும்.

"போன் மாத்தினதுல பழைய சாட் எல்லாம் போச்சு. அதை எப்படி எடுக்கிறது?"

இது வேறு விஷயம். ஆரம்பத்திலிருந்து குரூப்பில் இருப்பவரை எக்ஸ்போர்ட் பண்ணித் தரச் சொல்லுங்கள். அட்வான்ஸ்டு சாட் பிரைவசி போட்டிருந்தால் அதுவும் நடக்காது. அமெரிக்காவில் இருப்பவர் அனுப்பினால் 9/10 என்பது செப்டம்பர் 10 ஆக இருக்கலாம். 12க்கு மேல் ஒரு எண் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"சண்டையையும் எழுதணுமா ஆச்சி? வந்தவுகளுக்கு மனசு சங்கடமாகாதா?"

சண்டையை வேண்டாம், எதில் ஒத்துப்போகவில்லை என்பதை எழுது. அந்த ₹1,80,000-ஐ எப்படிப் பிரிப்பது என்று மட்டும் 90 செய்தி ஓடியது. பாதி பழைய கதை. உரித்துப் பார்த்தால் இரண்டே கட்சி. பங்குக்கு இவ்வளவு என்றால் ஆறு பங்குக்கும் ஆளுக்கு ₹30,000. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்றால் 24 புள்ளிக்கும் ஆளுக்கு ₹7,500. ஏழு புள்ளி உள்ள மேல வீட்டுக்கு ₹52,500 ஆகிறது, ஒரே புள்ளியான சின்னவருக்கு ₹7,500-ஓடு போகிறது. சின்னவர் சொல்வது, படைப்புக்கும் கோயிலுக்கும் புள்ளிக் கணக்குத்தானே என்று. மேல வீட்டார் சொல்வது, வீட்டை விற்றால் பங்குப்படிதானே பிரிப்போம், செலவு மட்டும் ஏன் புள்ளிப்படி என்று.

இரண்டையும் அவரவர் வாய்ச்சொல்லிலேயே எழுதினேன். நாங்கள் இரண்டு புள்ளி, புள்ளிக் கணக்கு எங்களுக்கு லாபம். அதனால் அந்தப் பத்தியை மேல வீட்டு ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். "விற்றால்" என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

"'பார்க்கிறேன்'னு சொன்னவர் பேரை வேலைக்கு நேரா போடலாமா?"

போடாதீர்கள். "ஓட்டுக்காரர்ட்ட நான் பேசுறேன்" என்றால் அவர் பெயர். "யாராவது மரம் அறுக்கச் சொல்லணும்", "பார்க்கிறேன்" இரண்டும் 'ஆள் இல்லை'. எங்கள் தாளில் பாக்கி ஏழு வேலையில் மூன்றுக்கு அப்படித்தான் போட்டேன். தேதி, நேரத்தையும் ஒவ்வொரு வரியிலும் போடுங்கள், சந்தேகம் வந்தால் தாளைப் படிப்பவரே போனில் தேடிக்கொள்வார்.

எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் தாளை வாங்கி முதலில் பார்த்தது அந்த மூன்றைத்தான். மரம் அறுக்கும் வேலைக்குத் தன் பெயரைப் போடச் சொன்னார். பங்கா புள்ளியா என்பது இன்னும் அப்படியே கிடக்கிறது.