லூப்பை விரித்தும் வேகம் கூடாதது ஏன்? பைப்லைன் ஸ்டால்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, double வரிசை ஒன்றைக் கூட்டும் லூப்பை நானே கையால் நான்கு மடங்கு விரித்து எழுதினேன். கட்டளைகள் குறைந்தன, நேரம் குறையவில்லை. எங்கே தவறு?

சைக்கிள் சைக்கிளாக எண்ணினால்தான் காரணம் தெரியும். அதற்கு ஓர் எளிய ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸரை எடுத்துக்கொள்வோம். அது ஒரு சைக்கிளுக்கு ஒரே கட்டளையை, எழுதிய வரிசையிலேயே வெளியிடுகிறது. fld கொண்டுவந்த மதிப்பை மற்றொரு கட்டளை பயன்படுத்த வேண்டுமானால் இடையில் 1 சைக்கிள் கழிய வேண்டும், ஒரு fadd.d தரும் விடையை அடுத்த fadd.d பயன்படுத்த வேண்டுமானால் இடையில் 3 சைக்கிள் கழிய வேண்டும். தரவு முழுவதும் கேஷில் இருக்கிறது என்றும், கிளைக் கட்டளை ஒரே சைக்கிளில் முடிகிறது என்றும் கொள்கிறேன்.

```
loop: fld    ft0, 0(a0)
      fadd.d fa0, fa0, ft0
      addi   a0, a0, 8
      bne    a0, a1, loop
```

இதில் fld 1-ஆம் சைக்கிளில் போகிறது, 2 வீணாகிறது, fadd.d 3-இல், addi 4-இல், bne 5-இல். ஆக ஓர் உறுப்புக்கு 5 சைக்கிள். addi-ஐ மேலே நகர்த்தி fld-க்கு அடுத்து வைத்துவிட்டால் வீணான இடம் நிரம்பி, அதே வேலை 4 சைக்கிளில் முடிகிறது. இனி ஸ்டால், அதாவது காத்திருப்பில் வீணாகும் சைக்கிள், எதுவும் இல்லை.

இப்போது நீங்கள் செய்ததைப் பார்ப்போம். நான்கு fld, நான்கு fadd.d, ஒரு addi, ஒரு bne என்று மொத்தம் 10 கட்டளைகள்தான். ஆனால் நான்கு கூட்டல்களும் fa0 என்ற ஒரே ரெஜிஸ்டரைப் படித்து அதிலேயே எழுதுவதால், முதல் fadd.d 3-ஆம் சைக்கிளில் போனால் அடுத்தவை 7, 11, 15 ஆகிய சைக்கிள்களில்தான் போக முடியும். கட்டளைகளை எவ்வளவு திறமையாக இடம் மாற்றினாலும் bne 16-இல்தான் வரும். நான்கு உறுப்புக்கு 16 என்றால், உறுப்புக்கு அதே 4. நகல்களை இடம் மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருந்தால் 17 சைக்கிள். அதாவது விரிக்காமல் addi-ஐ மட்டும் நகர்த்திய லூப்பைவிடச் சற்று மோசம். நீங்கள் லூப்பின் மேற்செலவைக் குறைத்தீர்கள். ஆனால் நேரத்தைத் தீர்மானித்தது அதுவல்ல, கூட்டல்களின் சார்புச் சங்கிலி.

கேள்வி: ஸ்டால் என்பதே கிளைக் கட்டளையால் வருவதுதானே? லூப்பை விரிப்பது கிளைகளைக் குறைக்கத்தான் என்று படித்திருக்கிறேன்.

பாதி சரி. விரிப்பதால் கிளைகள் குறைவது உண்மை. கிளையின் விலை அதிகமான ப்ராசஸரில் அந்த ஆதாயமே போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால் மேலே கண்ட 16 சைக்கிளில் 6 வீணாகின்றன, அவற்றில் ஒன்றுகூடக் கிளையைச் சேர்ந்ததல்ல. 7-இல் போன கூட்டலுக்கும் 11-இல் போன கூட்டலுக்கும் நடுவே மூன்று, 11-க்கும் 15-க்கும் நடுவே மூன்று. விரித்தலின் பெரிய பயன், ஒன்றையொன்று சாராத கட்டளைகளை ஒரே இடத்தில் குவித்துத் தருவது. சாராத கட்டளைகள் கிடைத்தால்தான் ஸ்டால் விழும் இடத்தில் வைக்க ஏதாவது இருக்கும். இங்கே விரித்த பிறகும் கூட்டல்கள் ஒன்றையொன்று சார்ந்தே நின்றன.

கேள்வி: அப்படியானால் நான்கு மடங்கு விரித்தால் நான்கு கூட்டுத்தொகை ரெஜிஸ்டர்கள் வேண்டுமா? எனக்கு ரெஜிஸ்டர் தட்டுப்பாடு இருக்கிறது.

வேண்டாம், இந்த இயந்திரத்தில் இரண்டே போதும். ஒரே ரெஜிஸ்டரில் இரண்டு கூட்டல்கள் 4 சைக்கிள் தள்ளி இருக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு fld, ஒரு fadd.d என இரண்டு கட்டளைகள் எப்படியும் போயாக வேண்டும் என்பதால், சராசரியாக 2 சைக்கிளுக்கு ஒரு கூட்டல்தான் வெளியாகப் போகிறது. 4-ஐ 2-ஆல் வகுத்தால் 2 சங்கிலிகள். வலப்பக்கத்தில் இருப்பது அந்தக் கட்டளை வெளியாகும் சைக்கிள்:

```
loop: fld    ft0, 0(a0)     # 1
      fld    ft1, 8(a0)     # 2
      fadd.d fa0, fa0, ft0  # 3
      fadd.d fa1, fa1, ft1  # 4
      fld    ft2, 16(a0)    # 5
      fld    ft3, 24(a0)    # 6
      fadd.d fa0, fa0, ft2  # 7
      fadd.d fa1, fa1, ft3  # 8
      addi   a0, a0, 32     # 9
      bne    a0, a1, loop   # 10
```

fa0-வின் கூட்டல்கள் 3, 7 ஆகியவற்றிலும் fa1-இன் கூட்டல்கள் 4, 8 ஆகியவற்றிலும் விழுவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சங்கிலிக்கும் வேண்டிய இடைவெளி சரியாகக் கிடைக்கிறது. அந்த இடைவெளியை மற்றச் சங்கிலியும் அடுத்த இரண்டு fld-களும் நிரப்புகின்றன. நான்கு உறுப்புக்கு 10 சைக்கிள், உறுப்புக்கு 2.5. ஆயிரம் உறுப்புகளுக்கு 4000 சைக்கிள் ஆனது 2500 ஆகிறது. லூப் முடிந்தபின் fa0-வையும் fa1-ஐயும் கூட்டும் ஒரு fadd.d மட்டும் கூடுதல்.

வரிசையும் முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: இதே பத்துக் கட்டளைகளை, இதே இரண்டு ரெஜிஸ்டர்களோடு, fld-க்கு அடுத்து உடனே அதன் fadd.d என்று எழுதினால் 14 சைக்கிள் ஆகும், ஏனெனில் ஒவ்வொரு fld-க்குப் பின்னும் ஒரு ஸ்டால் விழும். எட்டு மடங்கு விரித்தால் 18 சைக்கிள், உறுப்புக்கு 2.25. எவ்வளவு விரித்தாலும் 2-க்குக் கீழே போக முடியாது. நான்கிலிருந்து எட்டுக்குப் போவது அதற்கான கோட் அளவுக்குத் தகுமா என்பது உங்கள் கட்டளைக் கேஷில் வேறென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: -O3 -funroll-loops கொடுத்தால் gcc இதையெல்லாம் தானே செய்துவிடும் அல்லவா?

விரிக்கும், கட்டளைகளை நகர்த்தவும் செய்யும். ஆனால் மிதவைப்புள்ளிக் கூட்டலின் வரிசையை உங்கள் அனுமதியின்றி மாற்றாது, மாற்றவும் கூடாது. நான்கு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 1e16, -1e16, 1, 1. ஒரே ரெஜிஸ்டரில் வரிசையாகக் கூட்டினால் விடை 2. இரண்டு ரெஜிஸ்டர்களில் கூட்டினால் முதலாவதில் 1e16-உம் 1-உம், இரண்டாவதில் -1e16-உம் 1-உம் சேர்கின்றன. அந்த அளவில் double எண்களின் இடைவெளி 2 என்பதால் இரண்டு 1-களும் தொலைந்துபோய் விடை 0 ஆகிறது. எண்களின் வரிசையை 1e16, 1, -1e16, 1 என்று மாற்றினால் நிலைமை தலைகீழ்: ஒரே ரெஜிஸ்டர் 1 என்கிறது, இரண்டு ரெஜிஸ்டர்கள் சரியான 2-ஐத் தருகின்றன. எது துல்லியம் என்பது தரவைப் பொறுத்தது. ஆகவே முடிவெடுக்க வேண்டியவர் நிரல் எழுதுபவர்தான்.

அனுமதி தர விரும்பினால் -ffast-math-ஐ மொத்தமாகப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. NaN வராது என்பது போன்ற, உங்களுக்குத் தேவையற்ற அனுமானங்களும் அதோடு சேர்ந்து வரும். சி நிரலிலேயே s0, s1 என்று இரண்டு மாறிகளை வைத்து எழுதுவது நல்லது. அப்போது நீங்கள் எழுதிய வரிசையை gcc அப்படியே மதிக்கும்.

கேள்வி: இதெல்லாம் பழைய கதை. இன்றைய அவுட்-ஆஃப்-ஆர்டர் ப்ராசஸர்கள் கட்டளைகளைத் தாமே வரிசைப்படுத்திக்கொள்கின்றன. கையால் செய்வதில் என்ன பயன்?

fld-க்குப் பின் வரும் ஸ்டாலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அதை அவை எளிதில் மறைத்துவிடும். ஆனால் உண்மையான சார்பை எந்த வன்பொருளும் உடைப்பதில்லை, ஏனெனில் முந்தைய கூட்டலின் விடை இல்லாமல் அடுத்த கூட்டலைத் தொடங்க இயலாது. இன்டெலின் ஸ்கைலேக்கில் ஒரு மிதவைப்புள்ளிக் கூட்டலுக்கு 4 சைக்கிள் ஆகும். அதே ப்ராசஸர் சைக்கிளுக்கு இரண்டு கூட்டல்களைத் தொடங்கவும் வல்லது. ஒரே மாறியில் கூட்டினால் அங்கேயும் உறுப்புக்கு 4 சைக்கிள்தான். அதன் முழுத் திறனையும் எட்ட 8 சங்கிலிகள் வேண்டும். வரிசைப்படுத்தும் வேலையை வன்பொருளிடம் விட்டுவிடலாம், சங்கிலியைப் பிரிக்கும் வேலையை விட முடியாது.

உங்கள் லூப் சங்கிலியால்தான் தடைபடுகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விடை தவறானாலும் பரவாயில்லை என்று, இரண்டில் ஒரு கூட்டலை வேறொரு ரெஜிஸ்டருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். நேரம் கணிசமாகக் குறைந்தால் சங்கிலிதான் காரணம். அசையவே இல்லையென்றால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். கேஷில் இல்லாத தரவுக்கு நான் தந்த எந்தக் கணக்கும் பொருந்தாது.

கேள்வி: என் வரிசைகளில் பெரும்பாலும் 7 உறுப்புகள்தான். விரிக்கலாமா?

நான்கு மடங்கு லூப் ஒரு முறை ஓடி 10 சைக்கிள், மிச்சம் மூன்றும் சாதாரண லூப்பில் 12 சைக்கிள், ஆக 22, விரிக்காமல் 28. அந்த 6 சைக்கிள் ஆதாயத்தில் பெரும்பகுதியை மிச்சத்தைச் சோதிக்கும் கட்டளைகளும் இறுதிக் கூட்டலும் தின்றுவிடும். அளவு எப்போதுமே 7 என்றால் லூப்பே இல்லாமல் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கணக்கீட்டில் விடை கடைசி பிட் வரை பழைய பதிப்போடு ஒத்திருக்க வேண்டும். கூட்டல் வரிசையைத் தொடவே முடியாது. சாஃப்ட்வேர் பைப்லைனிங் உதவுமா? ஓர் அணியின் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே கூட்டுகிறோம்.

சாஃப்ட்வேர் பைப்லைனிங் அடுத்த சுற்றின் fld-ஐ இந்தச் சுற்றுக்குக் கொண்டுவரும். கூட்டலுக்கும் கூட்டலுக்கும் இடையே உள்ள 4 சைக்கிளைக் குறைக்காது. ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்னதில் வழி இருக்கிறது. சாராத கட்டளைகளை ஒரே வரிசைக்குள் தேடுவதற்குப் பதிலாக, இரண்டு வரிசைகளை ஒரே லூப்பில் சேர்த்துக் கூட்டுங்கள். முதல் வரிசைக்கு fa0, இரண்டாவதற்கு fa1. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் கூட்டல் வரிசை மாறுவதில்லை, ஆகவே விடையில் ஒரு பிட்டும் மாறாது. இரண்டு சுட்டிகள் தேவை என்பதால் ஒரு addi கூடும்: இரண்டு உறுப்புக்கு 7 சைக்கிள், அதாவது உறுப்புக்கு 3.5. அதை இரண்டு மடங்கு விரித்தால் நான்கு உறுப்புக்கு 11 சைக்கிள், உறுப்புக்கு 2.75.

வரிசை ஒன்றுதான், அதன் கூட்டல் வரிசையும் மாறக் கூடாது என்ற நிலை வந்தால் இந்த இயந்திரத்தில் 4 சைக்கிளைத் தாண்ட எனக்கு வழி தெரியவில்லை. அந்த வீண் இடங்களில் நிரலின் வேறு ஏதாவது வேலையை நுழைக்க முடியுமா என்பதை முழு நிரலையும் பார்த்துத்தான் சொல்ல இயலும்.