பிளேட்லெட் குறைந்தால் எல்லாம் டெங்கி அல்ல: ஹேரி செல் லுக்கேமியா குறித்துக் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இரத்தநோய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அனுப்பப்பட்ட கேள்விகளுள் ஹேரி செல் லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையவற்றுக்கே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 54 வயது, செம்பனைக் குலை வெட்டுகிறார். பிளேட்லெட் 48 என்றதும் டெங்கி என்றார்கள். மூன்று வாரமாகியும் ஏறவில்லை. வயிற்றில் இடப்பக்கம் கல்லைப்போல் இருக்கிறது. இடுப்பெலும்பில் ஊசி குத்தினார்கள், ஒன்றும் வரவில்லை. தப்பாகக் குத்திவிட்டார்களா?

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.9, வெள்ளையணு 1.8, அதில் கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் 0.6, பிளேட்லெட் 48. டெங்கியில் காய்ச்சல் தணிந்த சில நாட்களில் பிளேட்லெட் தானாக ஏறத் தொடங்கிவிடும். மூன்று வாரம் அதே இடத்தில் நிற்காது. டெங்கியில் ஹீமோகுளோபின் இப்படி 8.9-க்கு மெல்ல இறங்குவதும் வழக்கமில்லை. மூன்று வகை அணுக்களும் ஒன்றாகக் குறைந்து, மண்ணீரலும் விலா எலும்புக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கியிருந்தால், கொசுவை விட்டுவிட்டு எலும்பு மஜ்ஜையைப் பார்க்க வேண்டும்.

ஊசியில் ஒன்றும் வராதது குத்தியவரின் பிழையாக இருக்க வேண்டியதில்லை. நான் இளம் மருத்துவனாக இருந்தபோது இதே கோலத்தில் வந்த ஒரு நோயாளிக்கு இரண்டு இடங்களில் குத்தி, இரண்டிலும் வெறும் ஊசியே வெளியே வர, என் கைதான் பழகவில்லை என்று வெட்கப்பட்டேன். உண்மையில் ஹேரி செல் நோயில் மஜ்ஜைக்குள் மெல்லிய நார்கள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. அணுக்கள் அந்த வலையில் சிக்கிக்கொள்வதால் உறிஞ்சினால் வருவதில்லை. ஆகவே வெறும் ஊசி என்பதே ஒரு தடயம். அடுத்து அவர்கள் எலும்பிலிருந்து பென்சில் முனையளவு துண்டை எடுத்துப் பார்ப்பார்கள். இரத்தத்தையும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் சோதனைக்கு அனுப்பி, அணுவின் மேற்பரப்பில் சி.டி.11சி, சி.டி.25, சி.டி.103 ஆகிய அடையாளங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று தேடுவார்கள். அதுவரை ஒரு வேண்டுகோள்: யாரும் அந்த வயிற்றைத் தொட்டு உருவி விடக்கூடாது.

கேள்வி: ஐயா, ஆய்வகத்தில் 28 வருடம் வேலை செய்தவன் நான். இந்த நோயில் மோனோசைட் என்னும் வெள்ளையணு அநேகமாக இருக்காது என்பதை நீங்கள் எழுதவில்லையே? அந்தத் தாளில் மோனோசைட் 0.4 என்று இருந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடுமா?

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள், அதை நான் எழுதியிருக்க வேண்டும். மோனோசைட் மறைந்துபோவது இந்த நோயின் தனிக்குணம். ஆனால் எண்ணும் இயந்திரம் ஓரம் முழுவதும் பஞ்சுபோல் பிசிறிட்ட இந்த நோயணுவை மோனோசைட் என்று எண்ணிவிடுவதுண்டு. அப்போது தாளில் எண் சரியாகத் தெரியும், உடம்பில் மோனோசைட் இருக்காது. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பரப்பி மனிதக் கண் பார்த்தால்தான் வேறுபாடு புரியும். அதிலும் ஒரு தகட்டில் நான்கைந்து நோயணுவே இருக்கலாம். வெள்ளையணுவே குறைவாக இருக்கும்போது பொறுமையாகத் தேட வேண்டும்.

கேள்வி: பப்பாளி இலைச் சாறு மூன்று வேளை கொடுத்தால் பிளேட்லெட் ஏறாதா?

பதில்: அந்த இலைச் சாற்றின் பேச்சு டெங்கியைச் சேர்ந்தது, இது டெங்கி அன்று. இங்கே பிளேட்லெட் உற்பத்தியாகும் மஜ்ஜையில் நோயணு குடியேறியிருக்கிறது. உற்பத்தியாகும் சிறிதளவையும் பெருத்த மண்ணீரல் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாறு இவ்விரண்டையும் மாற்றாது.

கேள்வி: நான் லோரி ஓட்டுநர். என் மாமாவுக்கு 1981-இல் இதே நோய். மண்ணீரலை எடுத்தார்கள், இரத்தம் ஏறிவிட்டது, பதினோரு வருடம் இருந்தார். எடுத்துவிட்டால் முடிந்தது கதை. எதற்கு ஊசியும் மருந்தும்?

பதில்: தம்பி, உங்கள் மாமாவைப் பற்றி நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஓஹையோவில் பெர்தா பூரோங்கிள் என்ற மருத்துவர் 1958-இல் இந்நோயை விரிவாக விவரித்தார். அப்போதிருந்து ஏறத்தாழ 1984 வரை மண்ணீரலை எடுப்பதே முதன்மையான சிகிச்சையாக இருந்தது. பலருக்கு இரத்த எண்ணிக்கையும் ஏறியது. இது மெதுவாக நடக்கும் நோய் என்பதால் சிலர் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். ஆனால் கதை முடியவில்லை, மறைந்து கிடந்தது.

கேள்வி: அதே ஓட்டுநர்தான். மஜ்ஜையில் நோய் இருக்கும்போது, மண்ணீரலை எடுத்ததும் இரத்தம் ஏறுவானேன்? அப்போது நோய் மண்ணீரலில்தானே இருந்திருக்கிறது?

பதில்: இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். நல்ல உடம்பில்கூட நம் பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு எந்நேரமும் மண்ணீரலில் தங்கியிருக்கிறது. அது பெரிதும் வீங்கும்போது தொண்ணூறு விழுக்காடுவரை அதனுள் அடைபடக்கூடும். மண்ணீரலின் செங்கூழ் என்னும் பகுதியில் ஹேரி செல் நிறைந்து, சல்லடையின் கண்கள் அடைபடுவதுபோல் வழிகள் அடைபட, நல்ல அணுக்களும் அங்கேயே தேங்குகின்றன. ஆக, பட்டறையில் ஆள் குறைந்துவிட்டது, செய்த சரக்கும் கிடங்கில் பூட்டப்பட்டுவிட்டது. கிடங்கை இடித்தால் பூட்டிய சரக்கு வெளியே வரும். உங்கள் மாமாவுக்கு நடந்தது அதுதான். பட்டறை அப்படியே நோயோடு இருந்தது. நீங்கள் பாதியைச் சரியாகவே கண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: ஐயா, அறுவை அறையில் தாதியாக இருந்தேன். அந்தக் காலத்தில் மண்ணீரல் எடுத்த ஒருவர், நன்றாக நடந்துகொண்டிருந்தவர், இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார். ஓட்டுநர் தம்பி இதையும் கேட்க வேண்டும்.

பதில்: கேட்கட்டும். மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் சில மணி நேரத்தில் இரத்தமெங்கும் பரவலாம். முன்கூட்டிய தடுப்பூசியும் காய்ச்சலின் முதல் மணியிலேயே சிகிச்சையும் அவர்களுக்குத் தேவை. இன்று மண்ணீரலை எடுப்பது அது கிழிந்துபோனால், அல்லது மருந்துகள் கைகொடுக்காத சிலருக்கு மட்டுமே. ஓட்டுநர் தம்பி மூன்றாவது முறையும் மாமாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்குப் பதில் மேலே இருக்கிறது.

கேள்வி: உயிர்வேதியியல் படிக்கும் மாணவி நான். மற்ற லுக்கேமியாவுக்கு மாதக்கணக்கில் மருந்து ஏற்றுகிறார்கள். இதற்கு ஐந்து நாள் போதும் என்கிறார்களே, எப்படி?

பதில்: இதைத்தான் யாராவது கேட்க வேண்டுமென்று காத்திருந்தேன். பொதுவாகப் புற்றுநோய் மருந்துகள் வேகமாகப் பிரியும் அணுவையே கொல்லும். ஹேரி செல் சோம்பேறி அணு. பிரிவது குறைவு, சாவதும் குறைவு. அதனால்தான் பழைய மருந்துகள் அதன்மேல் தோற்றன.

வழி வேறோரிடத்திலிருந்து வந்தது. அடினோசின் டீஅமினேஸ் என்னும் நொதியில்லாமல் பிறக்கும் சில குழந்தைகளுக்கு லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்களே இருப்பதில்லை. ஹேரி செல்லும் லிம்போசைட் வகையைச் சேர்ந்ததே. அந்த நொதி அகற்ற வேண்டிய டீஆக்ஸி-அடினோசின் தேங்கி, முதலில் லிம்போசைட்டைத்தான் கொல்கிறது. ஏனெனில் அதற்குப் பாஸ்பேட் சேர்த்து உள்ளே அடைத்துவைக்கும் நொதி லிம்போசைட்டில் மிகுதி, அதை அவிழ்த்து வெளியே விடும் நொதி குறைவு. லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் டென்னிஸ் கார்சனும் எர்னெஸ்ட் பாய்ட்லரும் இந்தக் கேட்டை மருந்தாக்க எண்ணினார்கள். அந்த மூலக்கூற்றில் ஒரு குளோரின் அணு சேர்ந்தால் நொதியால் அதை எளிதில் சிதைக்க முடியாது, அதுவே கிளாட்ரிபின். அது டி.என்.ஏ.யின் பழுதுபார்ப்பைக் கெடுப்பதால், பிரியாமல் சும்மா இருக்கும் அணுவும் சாகிறது. 1990-இல் அவர்கள் குழு வெளியிட்ட முதல் முடிவில் 12 நோயாளிகளுள் 11 பேருக்கு நோய் முற்றிலும் அடங்கியது. அப்போது கொடுத்தது ஏழு நாள், ஒரே ஒரு சுற்று.

இன்னொரு காரணம், இந்த நோயின் உட்கட்டமைப்பு எளியது. பெருஜாவில் ஃபலினி குழுவினர் 2011-இல் கண்டதுபோல், வழக்கமான ஹேரி செல் நோயாளிகளுள் பெரும்பாலோருக்கும் பிராஃப் வி600இ என்ற ஒரே மரபணுமாற்றம் இருக்கிறது. அதை அடக்கும் மாத்திரையும் உண்டு. கடும் தொற்று இருப்பதால் கிளாட்ரிபின் கொடுக்க முடியாதவர்களுக்கு அது பாலமாகப் பயன்படுகிறது. ஆனால் "ஹேரி செல் வேரியண்ட்" என்று பெயரளவில் ஒத்திருக்கும் வேறொரு நோய் உண்டு. அதில் வெள்ளையணு கூடியிருக்கும், சி.டி.25 இருக்காது, இந்த மாற்றமும் இருக்காது, தனி கிளாட்ரிபினுக்கும் சரியாகப் பணியாது. ஐந்து நாள் என்று நம்பி ஏமாறாமலிருக்கவே முதலில் அந்த அடையாளச் சோதனைகள்.

கேள்வி: பிளேட்லெட் குறைவென்றால் டெங்கிதானே டாக்டர்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எனக்குத் தலசீமியா, மண்ணீரல் பெரிதாக இருக்கிறது. கிளாட்ரிபின் எனக்கும் உதவுமா?

பதில்: உதவாது. உங்கள் மண்ணீரல் பெருத்த காரணம் வேறு. உங்கள் தலசீமியா கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் லயத்தில் ஒரு பாட்டி வயிற்றுக்கட்டியை எண்ணெய் தடவி உருவிக் கரைப்பார்.

பதில்: மண்ணீரலைக் கரைக்க முடியாது, கிழிக்க முடியும். அப்படிக் கிழிந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். பாட்டியிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முதலில் எழுதியவள்தான் டாக்டர். ஹேரி செல் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் கிளாட்ரிபின். கூடவே ரிட்டுக்சிமாப் என்னும் இன்னொரு மருந்தும் போடலாமா வேண்டாமா என்று இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: இருவர் சொல்வதிலும் பொருளுண்டு. இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால் நுண்சோதனையிலும் சிக்காத அளவுக்கு நோய் போவது கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் முதலிலேயே அது தேவையா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. ரிட்டுக்சிமாப் தருவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம், ஏனெனில் உறங்கும் வைரஸ் எழுந்துவிடக்கூடும். நாள்பட்ட இருமல் இருந்தால் காசநோயும் பார்க்கட்டும். தொற்று இருக்கும்போது கிளாட்ரிபினைத் தொடங்குவது ஆபத்து.

அவருக்கு 60 கிலோ என்றீர்கள். கிலோவுக்கு 0.14 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 8.4 மில்லிகிராம், ஐந்து நாள். முதலில் எண்ணிக்கை இன்னும் கீழே போகும். அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிளேட்லெட் முதலில் ஏறும், நியூட்ரோஃபில் பின்னால், ஹீமோகுளோபின் கடைசியில். மஜ்ஜையை நான்கு முதல் ஆறு மாதம் கழித்தே மறுபடி பார்ப்பார்கள், ஏனெனில் நோயணு மெல்லவே மறைகிறது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்புவதுண்டு. அப்போதும் அதே மருந்து பெரும்பாலும் மறுபடி வேலை செய்கிறது.

கேள்வி: எங்கள் அப்பாவுக்குக் கிளாட்ரிபின் முடிந்து ஒன்பது நாள். நேற்று இரவு 38.4 காய்ச்சல், பனடோல் கொடுத்துத் தூங்க வைத்தோம். இப்போது 37.6. காலை கிளினிக் திறந்ததும் போகலாமா?

பதில்: இப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்; விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பனடோல் காய்ச்சலை மறைத்ததே தவிரக் காரணத்தைத் தொடவில்லை. கிளாட்ரிபினுக்குப் பின் காய்ச்சல் பலருக்கு வரும், எல்லாம் தொற்றல்ல. ஆனால் நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் எது தொற்று, எது இல்லை என்று வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மருந்து போட்ட தேதிகள் எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செய்யப்பட்ட இரத்தம்தான் வேண்டும் என்று நுழைந்தவுடனே சொல்லிவிடுங்கள்.